உறைந்த மீனையும் கறியையும் இளக்குவது எப்படி: நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல வீடுகளில் நடப்பது இதுதான். எழுந்ததும் ஃப்ரீசரிலிருந்து கோழிப் பொட்டலத்தை எடுத்து அடுப்பு மேடையில் ஒரு தட்டில் வைத்துவிடுவார்கள். அதன்பிறகு காபி, குளியல், கடைக்குப் போய் வருவது என்று நேரம் ஓடும். பதினொரு மணிக்குத் தொட்டுப் பார்த்தால் வெளியே மெத்தென்று இருக்கும், நடுவில் இன்னும் கல்லாக இருக்கும். "இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும்" என்று மறுபடியும் விட்டுவிடுவார்கள். அந்தக் "கொஞ்ச நேரம்"தான் ஆபத்தானது.

உறைந்ததை இளக்குவது பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. "குழாயில் வரும் குளிர்ந்த நீரில் போடுங்கள்" என்று சொல்வார்கள். மே மாதத்தில் மதுரையிலோ திருச்சியிலோ குழாயைத் திறந்தால் வருவது மொட்டை மாடித் தொட்டியில் காய்ந்த தண்ணீர், கையைச் சுடும். அந்த அறிவுரையை அப்படியே இங்கே பின்பற்றினால், மேடையில் வைப்பதைவிட அது பெரிய முன்னேற்றம் ஆகாது. முறைகள் உலகம் முழுக்க ஒன்றுதான். ஆனால் நம் வெப்பநிலைக்கு அவற்றைக் கொஞ்சம் மாற்றிச் செய்ய வேண்டும். இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

மேடையில் வைத்தால் உள்ளே என்ன நடக்கிறது

ஃப்ரீசரில் வைத்தால் கிருமிகள் செத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். சாவதில்லை. மைனஸ் 18 டிகிரியில் அவை பெருகாமல் நின்றுபோகின்றன, அவ்வளவுதான். கடையில் வெட்டும்போது கத்தியிலிருந்து, பலகையிலிருந்து, கையிலிருந்து ஒட்டிக்கொண்ட சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அந்தப் பனிக்குள்ளேயே காத்திருக்கும். இளகத் தொடங்கியதும் அவையும் விழித்துக்கொள்ளும்.

கிருமிகள் வேகமாகப் பெருகுவது 4 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையில். அதிலும் நம் உடல் சூட்டுக்குப் பக்கத்தில், அதாவது 30 முதல் 40 டிகிரிக்குள், அவற்றுக்குக் கொண்டாட்டம். தோதான சூடும் ஈரமும் கிடைத்தால் சில வகைகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கோடைக்காலத்தில் நம் சமையலறை இருப்பது சரியாக இந்த வெப்பத்தில்தான்.

இளகுவது எப்போதும் வெளியிலிருந்து உள்நோக்கித்தான் நடக்கும். ஒரு கிலோ கறிக்கோழி, துண்டு போட்டது, ஒரே கட்டியாக உறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் வைத்த கொஞ்ச நேரத்தில் வெளிப்புறத் துண்டுகளின் தோல் மெத்தென்றாகி, பாலித்தீன் பையின் மூலையில் இளஞ்சிவப்புத் தண்ணீர் தேங்கத் தொடங்கும். நடுவில் துண்டுக்கும் துண்டுக்கும் இடையே இருக்கும் பனியோ அசைந்தே கொடுக்காது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பனியைத் தண்ணீராக்குவதற்கு மட்டுமே நிறைய வெப்பம் தேவை. அதோடு, முதலில் இளகிய வெளிப்பகுதியே உள்ளே சூடு போகாமல் தடுக்கும் போர்வையாகிவிடுகிறது. பனிக்கட்டி வெப்பத்தை நன்றாகக் கடத்தும். இளகிய தசையில் இருக்கும் தண்ணீர் அந்த அளவுக்குக் கடத்தாது. அதனால்தான் கடைசிப் பகுதி இளக அவ்வளவு நேரம் பிடிக்கிறது.

இதன் விளைவு என்னவென்றால், நடுப்பகுதி இளகும்வரை காத்திருக்கும் நேரம் முழுவதும் வெளிப்பகுதி அறை வெப்பநிலையை நோக்கி ஏறிக்கொண்டே இருக்கும். கிருமிகள் அதிகம் இருப்பதும் அந்த வெளிப்பரப்பில்தான். "நடுவில் இன்னும் ஐஸ் இருக்கிறதே, கெட்டிருக்காது" என்று சொல்வதில் உள்ள தவறு இதுதான். நடுவில் இருக்கும் ஐஸ் மேற்பரப்பைக் காப்பாற்றாது.

அமெரிக்க வேளாண் துறையின் பாதுகாப்பு விதிப்படி, கெட்டுப்போகக்கூடிய உணவு அறை வெப்பத்தில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அறை 32 டிகிரியைத் தாண்டினால் அது ஒரு மணி நேரம்தான். தமிழ்நாட்டுச் சமையலறையில் வருடத்தின் பெரும்பகுதிக்குப் பொருந்துவது இந்த ஒரு மணி நேரக் கணக்கு. ஒரு கிலோ கட்டி மேடையில் ஒரு மணி நேரத்தில் இளகவே இளகாது. அதனால்தான் மேடையில் இளக்குவதைப் "பார்த்துச் செய்தால் போதும்" என்று நான் சொல்வதில்லை. அதைச் செய்யவே வேண்டாம்.

கொதிக்க வைக்கிறோமே, எல்லாம் செத்துவிடாதா?

இதைக் கேட்காதவர்களே இல்லை. "ஏங்க்கா, நாம என்ன பச்சையாவா சாப்பிடறோம்? குக்கர்ல நாலு விசில் விடறோமே" என்று எதிர்வீட்டுத் தங்கை ஒருமுறை கேட்டாள். நியாயமான கேள்வி. கிருமி செத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் சில கிருமிகள் பெருகும்போது வெளியிடும் நஞ்சு கொதியிலும் அழியாது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அப்படிப்பட்ட ஒன்று. நம் கையிலும் மூக்கிலும் சாதாரணமாக இருக்கும் கிருமிதான் அது. அதன் நஞ்சு ஒருமுறை உருவாகிவிட்டால் எத்தனை விசில் விட்டாலும் போகாது.

மீனில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சூரை, அயிலை, மத்தி, வஞ்சிரம் போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. மீன் சூடாகக் கிடந்தால் சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒவ்வாமை வந்தால் நம் உடலே சுரக்கும் அதே பொருள்தான் இது. அப்படிப்பட்ட மீனைச் சாப்பிட்டால் சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்துக்குள்ளோ முகம் சிவந்து சூடாகும், தலை வலிக்கும், அரிப்பும் தடிப்பும் வரும், சிலருக்கு வாயில் மிளகைக் கடித்தது போன்ற எரிச்சல் இருக்கும். "எனக்கு இந்த மீன் ஒத்துக்கல" என்று பலர் வருடக்கணக்கில் ஒதுக்கி வைக்கும் மீனில் சில நேரங்களில் குற்றம் மீனுடையதே அல்ல, அது சூட்டில் கிடந்த நேரத்துடையது. (மூச்சுத்திணறலோ, முகம், தொண்டை வீக்கமோ வந்தால் எது காரணம் என்று வீட்டில் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.)

ஹிஸ்டமினை வறுத்தும் அழிக்க முடியாது, குழம்பு வைத்தும் அழிக்க முடியாது, உறைய வைத்தாலும் போகாது. அதை உருவாக்கும் நொதி ஃப்ரீசரில் சும்மா கிடந்து, மீன் இளகியதும் மறுபடி வேலையைத் தொடங்கும். அந்தப் பாக்டீரியாவே செத்திருந்தால்கூட அது விட்டுச்சென்ற நொதி வேலை செய்யும். ஆகவே உறைந்த மீன் விஷயத்தில் கோழியைவிடவும் கவனம் வேண்டும். அயிலையும் மத்தியும் அறை வெப்பத்தில் அரை மணி நேரம்கூடக் கிடக்க நான் விடுவதில்லை.

மோந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பதும் எப்போதும் சரிவராது. நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகள் வேறு, நோயை உண்டாக்கும் கிருமிகள் வேறு. நாற்றம் வந்தால் கெட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். நாற்றம் இல்லை என்பதால் நல்லது என்று சொல்ல முடியாது.

மஞ்சளும் உப்பும் தடவி வைத்தால் வெளியே இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையும் உண்டு. கவிச்சி வாடை போக அது உதவும். கருவாட்டுக்குப் போடும் அளவு உப்பு வேறு, பொரிப்பதற்கு முன் தடவும் ஒரு ஸ்பூன் வேறு. மேலும் முன்னே சொன்ன ஸ்டஃபைலோகாக்கஸ் உப்பைத் தாங்கி வளரும் கிருமி. மசாலா தடவி ஊற வைப்பதானால் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

முதல் முறை: ஃப்ரிட்ஜில் இளக்குவது

நேரம் இருந்தால் இதை மிஞ்ச வேறு முறை இல்லை. இளகும் நேரம் முழுக்க மேற்பரப்பு 4 டிகிரியையோ அதைவிடக் குறைவாகவோ ஒட்டியே இருக்கும். தண்ணீரும் குறைவாகத்தான் வடியும், அதனால் கறி சக்கையாகாது.

சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஞாயிறு சமையலுக்கானதை ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு கிலோ கட்டிக்கு ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். அரை கிலோ பொட்டலம்கூடத் தடிமனாக இருந்தால் முழு நாளை எடுத்துக்கொள்ளும். ஒன்றரை கிலோ முழுக்கோழி என்றால் ஒரு நாளுக்கு மேலேயே ஒதுக்குங்கள். தனித்தனியாக உறைந்த வஞ்சிரம் ஸ்லைஸ், இறால் போன்றவை மட்டும் இரவில் மாற்றி வைத்தால் காலையில் தயாராக இருக்கும்.

பொட்டலத்தை அப்படியே தட்டின் மேல் வைக்காதீர்கள். விளிம்பு உயர்ந்த பாத்திரத்தில், பொட்டலத்தின் வாயைக் கட்டி, ஃப்ரிட்ஜின் ஆகக் கீழ்த்தட்டில் வையுங்கள். நம் ஃப்ரிட்ஜில் கொத்தமல்லி, தயிர், நேற்றைய சாம்பார், சில வீடுகளில் மல்லிகைப் பூ என்று எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கும். மேல்தட்டில் வைத்த கோழியிலிருந்து ஒரு சொட்டு கீழே இருக்கும் கொத்தமல்லியில் விழுந்தால், அந்தக் கொத்தமல்லி வேகாமலேயே ரசத்தின் மேல் தூவப்படும். கோழியை நன்றாக வேக வைத்ததால் அங்கே ஒரு பயனும் இல்லை.

ஃப்ரிட்ஜ் உண்மையிலேயே குளிராக இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உள்ளே இருக்கும் திருகில் 1, 2, 3 என்று போட்டிருப்பது டிகிரி அல்ல, குளிரின் அளவு. ஒரு டம்ளர் தண்ணீரை நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்து, காலையில் சமையல் தெர்மாமீட்டரை அதில் விட்டுப் பாருங்கள். 4 டிகிரியோ அதற்குக் கீழோ காட்ட வேண்டும். கோடையில் கதவை அடிக்கடி திறக்கும் வீடுகளில் திருகை ஒரு படி கூட்ட வேண்டியிருக்கும்.

இப்படி இளகிய கோழி, மீன், கொத்துக்கறி ஆகியவற்றை அதன்பிறகு ஒன்றிரண்டு நாளுக்குள் சமைக்க வேண்டும். ஆட்டுக்கறித் துண்டுகள் மூன்று நாள்வரை தாங்கும். திடீரென்று விருந்து தள்ளிப்போனால், ஃப்ரிட்ஜிலேயே இளகியதை இந்தக் கெடுவுக்குள் சமைக்காமலேயே மறுபடி ஃப்ரீசரில் போடலாம். ருசி கொஞ்சம் குறையும், ஆபத்து இல்லை. மற்ற முறைகளில் இளக்கியதற்கு இந்தச் சலுகை கிடையாது.

இரண்டாம் முறை: குளிர்ந்த நீரில் இளக்குவது

முந்தின நாள் மறந்துவிட்டது, காலை பத்து மணிக்குத்தான் நினைவு வருகிறது, ஒரு மணிக்குச் சாப்பாடு ஆக வேண்டும் என்றால் கைகொடுப்பது இந்த முறை.

தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் 33 டிகிரி காற்றில் கிடப்பதைவிட 18 டிகிரி தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் கட்டி விரைவாக இளகும். மேற்பரப்பும் 33 டிகிரிக்கு ஏறாது. ஆனால் தண்ணீர் உண்மையிலேயே குளிராக இருக்க வேண்டும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் உணவகங்களுக்கு வகுத்த விதிகளில், இளக்கப் பயன்படுத்தும் ஓடும் நீர் 21 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குழாய்த் தண்ணீரே அப்படித்தான் வரும். சென்னையில் ஏப்ரல் முதல் நாம்தான் அதைக் குளிர வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஃப்ரிட்ஜில் இருந்த தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் சரிபாதி கலந்தால் போதும். 6 டிகிரி தண்ணீரும் 32 டிகிரி தண்ணீரும் சமமாகச் சேர்ந்தால் 19 டிகிரி வரும். பாட்டில் தீர்ந்துபோனால் ஐஸ் கட்டி போடலாம். நாலு லிட்டர் குழாய்த் தண்ணீருக்கு ஏறத்தாழ அரை கிலோ ஐஸ் தேவைப்படும், அதாவது இரண்டு தட்டு.

ஒரு கிலோ கோழிக் கட்டியை வைத்து இதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. பத்து மணிக்கு, கடைப் பையோடேயே கட்டியை ஒரு கெட்டியான ஜிப்லாக் கவரில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். கடைப் பையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும். தண்ணீர் உள்ளே போனால் கறி ஊறி ருசி கெடும், உள்ளே இருப்பது வெளியே வந்தால் பாத்திரமும் சிங்க்கும் அசுத்தமாகும்.

2. ஆழமான பாத்திரத்தில் கலந்து வைத்த நாலு லிட்டர் தண்ணீரை ஊற்றிப் பொட்டலத்தை முழுக்க மூழ்க வையுங்கள். அது மிதக்கும். மேலே ஒரு கனமான தட்டை வைத்து அமுக்கிவிடுங்கள். தண்ணீருக்கு வெளியே நிற்கும் பகுதி, மேடையில் வைத்ததற்குச் சமம்.

3. பத்தரை மணிக்குத் தண்ணீரை முழுவதுமாகக் கொட்டிவிட்டுப் புதிதாகக் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். அரை மணிக்கு ஒருமுறை மாற்றுவது கட்டாயம். கட்டியைச் சுற்றியுள்ள நீர் ஐஸ் போலக் குளிர்ந்து இளகுவது மந்தமாகும், மற்ற பக்கம் சமையலறைச் சூட்டில் நீர் காயும். மாற்றினால் இரண்டும் சரியாகும்.

4. தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் கவரைத் திறக்காமலேயே இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகப் பிசைந்து பாருங்கள். வெளித்துண்டுகள் முதலில் கழன்று வரும். உள்ளே பனி நொறுங்கும் சத்தம் கேட்கும். துண்டுகள் பிரியப் பிரிய நடுப்பகுதிக்கும் குளிர்ந்த நீரின் தொடுதல் கிடைத்து வேலை விரைவாகும். கட்டியை அப்படியே விட்டுவிட்டால் இன்னும் அரை மணி நேரம் கூடும்.

5. பதினொன்றரை, பன்னிரண்டு மணிவாக்கில் துண்டுகள் எல்லாம் தனித்தனியாகிவிடும். ஒன்றிரண்டு துண்டின் எலும்புப் பக்கம் லேசாக இறுகியிருந்தால் பரவாயில்லை. கவரைத் திறந்து நேராக அடுப்புக்குப் போங்கள். வெங்காயம் தக்காளியை முன்பே வதக்கி வைத்திருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த முறையில் மேற்பரப்பு கொஞ்ச நேரம் 4 டிகிரிக்கு மேலே போகத்தான் செய்யும். இதைப் பாதுகாப்பாக வைத்திருப்பது நேரம் குறைவு என்பதும் உடனே சமைக்கிறோம் என்பதும் மட்டுமே. ஆகவே இளகிய பிறகு "சாயங்காலம் பண்ணிக்கலாம்" என்று வைக்கக்கூடாது. பச்சையாக மறுபடி உறைய வைக்கவும் கூடாது. சமைத்த பிறகு, மிஞ்சிய குழம்பை உறைய வைப்பதில் தடையில்லை.

அரை கிலோ வஞ்சிரம் ஸ்லைஸ் என்றால் இதே முறையில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு கிலோவுக்கு மேல் ஒரே கட்டியாக இருந்தால் இந்த முறைக்கு இறங்கவே வேண்டாம். நம் வெப்பத்தில் அத்தனை தடவை குளிர்ந்த நீர் மாற்றுவது நடைமுறையில் முடியாது, நடுவில் எங்கோ ஒரு தடவை கைவிட்டுவிடுவோம். அதை ஃப்ரிட்ஜுக்கு மாற்றி மறுநாள் சமைத்துக்கொண்டு, அன்றைக்கு வேறு ஏதாவது செய்யலாம்.

சுடுதண்ணீரில் போட்டு இளக்குவது மேடையைவிட மோசம். வெளிப்புறம் பாதி வெந்து வெளுத்துப்போகும், அதற்கு அடியில் உள்ள அடுக்கு கிருமிக்குப் பிடித்த சூட்டில் உட்கார்ந்திருக்கும். வெயிலில் வைப்பதும் அப்படித்தான்.

மைக்ரோவேவும், இளக்காமலே சமைப்பதும்

மைக்ரோவேவில் டீஃப்ராஸ்ட் பொத்தானைப் பயன்படுத்தலாம். ஓரங்கள் வேகத் தொடங்கிவிடும் என்பதால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தித் துண்டுகளைப் பிரித்துத் திருப்பிப் போட வேண்டும். கடையிலிருந்து வந்த தெர்மோகோல் தட்டை எடுத்துவிட்டு மைக்ரோவேவுக்கு ஏற்ற பாத்திரத்தில் வையுங்கள். முடிந்ததும் அந்த நிமிடமே சமைக்க வேண்டும். மீனுக்கு இந்த முறையை நான் சொல்லமாட்டேன், மெல்லிய வால் பக்கம் ரப்பராகிவிடும்.

இளக்காமலே சமைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மீன் குழம்பு கொதிக்கும்போது தனித்தனியாக உறைந்த ஸ்லைஸ்களை அப்படியே போடலாம். குழம்பின் கொதி அடங்கும், மறுபடி கொதிக்க விட்டு வழக்கத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நேரம் வேக விடுங்கள். முள்ளை ஒட்டிய சதை கண்ணாடி போல இல்லாமல் வெள்ளையாகிப் பிரிந்து வந்தால் வெந்துவிட்டது. துண்டு போட்ட கோழிக்கும் இது பொருந்தும், துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தால் மட்டும். தெர்மாமீட்டர் இருந்தால் கோழியின் தடிமனான துண்டின் நடுவில் 74 டிகிரி காட்ட வேண்டும். எண்ணெயில் பொரிப்பதற்கு மட்டும் உறைந்ததைப் போடாதீர்கள். பனி நீராகித் தெறித்துக் கையையும் முகத்தையும் பொசுக்கிவிடும், வெளியே சிவந்தாலும் உள்ளே பச்சையாக இருக்கும்.

காற்று எடுத்த பாக்கெட்டில் வரும் மீன்

சூப்பர் மார்க்கெட்டில் வாங்கும் உறைந்த மீன் சிலது காற்றே இல்லாமல் உறிஞ்சி ஒட்டப்பட்ட பிளாஸ்டிக்கில் வரும். இதை ஃப்ரிட்ஜில் இளக்கும்போதுகூடப் பாக்கெட்டை ஓர் ஓரத்தில் வெட்டித் திறந்துவிட வேண்டும், அல்லது மீனை வெளியே எடுத்து மூடிய பாத்திரத்தில் போட வேண்டும். மீனில் வரக்கூடிய குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் ஒரு வகை, காற்று இல்லாத இடத்தில் ஃப்ரிட்ஜின் குளிரிலேயே வளரக்கூடியது. 3 டிகிரிக்குச் சற்று மேலே இருந்தாலே அதற்குப் போதும். அது உண்டாக்கும் நஞ்சு நரம்பைத் தாக்கும். இப்படி நடப்பது அரிதுதான், ஆனால் கத்திரிக்கோலால் ஒரு வெட்டு வெட்டினால் காற்று புகுந்து அந்த வழி அடைபட்டுவிடும். குளிர்ந்த நீரில் இளக்குவதானால் மீனை அந்தப் பாக்கெட்டிலிருந்து எடுத்து ஜிப்லாக் கவருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

உறைய வைக்கும்போதே பாதி வேலையை முடித்துவிடுங்கள்

என்னைக் கேட்டால், இந்த வழிகாட்டியில் அதிகம் பயன் தரப்போவது இந்தப் பகுதிதான். இளகும் நேரத்தைத் தீர்மானிப்பது எடையைவிடத் தடிமன். தடிமன் பாதியானால் நேரம் பாதிக்கும் கீழே போகும், ஏனென்றால் சூடு கடக்க வேண்டிய தூரமும் குறைகிறது, இளக வேண்டிய பனியும் குறைகிறது.

கடையிலிருந்து வந்ததும் இரண்டு கிலோவையும் ஒரே பையில் திணித்து ஃப்ரீசரில் தள்ளாதீர்கள். ஒரு வேளைக்குத் தேவையானதை மட்டும், பெரும்பாலான வீடுகளில் அரை கிலோ, ஒரு ஜிப்லாக் கவரில் போட்டுத் துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி, ஒரு விரல் தடிமனுக்குத் தட்டையாக அமுக்கி, எவர்சில்வர் தட்டில் படுக்க வைத்து உறைய வையுங்கள். உறைந்த பிறகு புத்தகம் போல நிறுத்தி அடுக்கிக்கொள்ளலாம், இடமும் மிச்சமாகும். வஞ்சிரம் ஸ்லைஸ் என்றால் முதலில் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி உறைய வைத்து, கல்லானதும் ஒரே கவரில் சேர்க்கலாம். அதன்பிறகு வேண்டிய இரண்டு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கவரின் மேல் தேதியையும் என்ன என்பதையும் எழுதி ஒட்டிவிடுங்கள், உறைந்த பிறகு ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இப்படித் தட்டையாக உறைந்த அரை கிலோ கோழி, குளிர்ந்த நீரில் ஒரு முறை தண்ணீர் மாற்றுவதற்குள்ளேயே பெரும்பாலும் இளகிவிடும்.

மேடையிலேயே மறந்துவிட்டால், கரண்ட் போய்விட்டால்

எடுத்து வைத்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, கட்டியின் பெரும்பகுதி இன்னும் கல்லாக இருக்கிறது என்றால் உடனே ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள், அல்லது குளிர்ந்த நீருக்கு மாற்றிச் சமைத்துவிடுங்கள். கோடையில் ஒரு மணி நேரத்தைத் தாண்டி மேற்பரப்பு மெத்தென்றாகி, தொட்டால் குளிரே தெரியவில்லை என்றால் அதைக் கொட்டத்தான் வேண்டும். இரவு முழுக்க வெளியே இருந்தது என்றால் யோசிக்கவே வேண்டியதில்லை. நானூறு, ஐந்நூறு ரூபாய்க் கறியைத் தூக்கிப் போட மனம் வராது என்பது எனக்குத் தெரியும். வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, வயதானவர்களோ இருந்தால் அந்தத் தயக்கத்துக்குக்கூட இடம் கொடுக்காதீர்கள். அதே கறியால் அவர்களுக்கு வரும் வயிற்றுப்போக்கு நம்மைவிடக் கடுமையாக இருக்கும்.

கரண்ட் போனால் ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் இருந்தாலே போதும். நிறைந்திருக்கும் தனி ஃப்ரீசர் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேலே இருக்கும் சின்ன ஐஸ் பெட்டி இவ்வளவு தாங்காது, அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கரண்ட் வந்ததும் ஒவ்வொரு பொட்டலத்தையும் அழுத்திப் பாருங்கள். துண்டுகளுக்கு நடுவே பனித் துகள் இன்னும் இருந்து, வெளிப்புறமும் ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீர் போலச் சில்லென்று இருந்தால் மறுபடி உறைய விடலாம். ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டால், நாம் ஊரில் இல்லாதபோது நடந்ததும் தெரிந்துவிடும். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் ஃப்ரீசர் உறைநிலையிலேயே இருந்திருக்கிறது. கிண்ணத்தின் அடியில் பனிக்குள் புதைந்து கிடந்தால் எல்லாம் முழுக்க இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஃப்ரீசரில் இருந்த மீனையும் கறியையும் சமைக்காதீர்கள்.